ஜஹானா பார்த்த இரண்டு லயங்கள்

கடுகண்ணாவையில் காலை ரயிலேறிக் கண்டிக்கு வரும் ஜஹானா, யன்னலோரம் இடம் கிடைத்தாலும் மலைகளை ரசிப்பதில்லை. தண்டவாளத்தின் இரண்டு இரும்புகளும் தூரத்தில் எங்கே போய்ச் சேர்வதுபோல் தெரிகின்றன என்று பார்ப்பார். வளைவு வந்தால் அந்தப் புள்ளி நகரும். அவருடைய கண்ணும் கூடவே நகரும். எதிரே உட்கார்ந்தவர்கள் தங்களைத்தான் உற்றுப் பார்க்கிறார் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்வார்கள்.

இது தொழில் ஒட்டவைத்த பழக்கம். கண்டியில் ஒரு கட்டடக் கலைஞரிடம் பன்னிரண்டு வருடம் படம் வரைந்தவர் அவர். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டிய வீடுபோல் தாளில் நிறுத்துவது அவர் வேலை. ஒருநாள், விற்பனைக்கு வந்த மாடிவீடுகளின் படத்தில் பின்னாலிருந்த பத்துப் பன்னிரண்டு குடிசைகளை அழித்துவிட்டு மரம் போடச் சொன்னார்கள். "அதுல ஆக்கள் ஈக்கிறாங்களே, சேர்" என்றார் ஜஹானா. "படத்தில்தானே அழிக்கிறோம்" என்றார் அவர். படத்தில் அழிபவர்கள் பிறகு வேறு எங்கெல்லாம் அழிவார்கள் என்று அந்தக் கலைஞருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஜஹானா பென்சில்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கண்டிப் பக்கத்தில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்த அந்த மார்ச் மாதத்தில், ஏதோ ஒரு நாட்டின் தெருவை நம் ஊர்த் தெரு என்று சொல்லிக் கைப்பேசிகளில் படங்கள் பறந்தன. வீட்டில் அடைபட்டிருந்த நாட்களில் அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, "இந்த நடைபாதை விளிம்பு நம்மட இல்ல, இந்தத் தெருவிளக்கு நம்மட இல்ல" என்று உறவினர்களுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் ரஸீன் அவரை வேலைக்குக் கூப்பிட்டார்.

ரஸீன் முன்னாள் பத்திரிகையாளர். குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அருகே, புத்தகப்பை விற்கும் கடையின் மேல்மாடியில், பரவும் செய்திகளையும் படங்களையும் சரிபார்க்கும் சின்ன நிலையம் ஒன்றை நடத்துகிறார். மூன்று கதிரை, இரண்டு கணினி, கீழேயிருந்து ஓயாத நடத்துநர்களின் கூவல்.

சென்ற பெருமழை ஓய்ந்து இரண்டு கிழமை ஆன ஒரு காலையில் அந்த மாடிப்படியேறி வந்தான் கணேஸ். நகரில் துணிக்கடையொன்றில் வேலை செய்பவன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். ஊர், வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"செருப்போட வாங்க தம்பி. இது ஆபீஸ்தான், கோயில் இல்ல" என்றார் ரஸீன்.

"இல்லங்க சேர், சேறு." அவன் உட்காரவில்லை. கைப்பேசியை நீட்டினான். "இதப் பாத்துச் சொல்லுங்க. நாங்க பொய்யா?"

திரையில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருந்தன. இடப்பக்கத்துப் படத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் முக்கால்வாசி மண்ணுக்குள் கிடந்தது. ஒரு முனையில் இரண்டு காம்பரா அறைகள் மட்டும் தகரக் கூரையோடு மிஞ்சியிருந்தன. நடுவில் ஒரு பெண் தலையில் கை வைத்தபடி நின்றார். வலப்பக்கத்துப் படத்தில் அதே நீலக் கதவுகள், அதே தகரக் கூரை, பின்னால் அதே மலைத்தொடர். ஒரு சுவரில்கூட வெடிப்பில்லை. கொடியில் துணி காய்ந்தது. கதவுகளுக்கு முன்னால் உலர் உணவுப் பைகளோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குள் அதே பெண்ணும் நின்றார்.

கீழே எழுதியிருந்தது: "இடிந்ததாகச் சொன்ன லயம் பத்தே நாளில் எழுந்து நிற்கிறது. நாங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்துக் கொண்டுபோன சாமான் இவர்களுக்கா? ஆளும் அதே ஆள், மலையும் அதே மலை."

அந்தப் பதிவு எத்தனை கைகள் மாறியிருந்தது என்று எண்ண முடியாது. சிங்களத்திலும் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் வீட்டுக்காக நாடகம் போடுகிறார்கள் என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். ஆயிரம் பேரில் ஒருவர்கூட அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தவரில்லை.

"லெப்ட்ல இருக்கிறது நான் புடிச்சது" என்றான் கணேஸ். "அது மேல் லயம், எங்க லயம். ரைட்ல இருக்கிறது கீழ் லயம், என் சித்தி வீடு இருக்கிற லயம். நிவாரண லொறி அதுக்கு மேல ஏறாது மிஸ். பாதை அவ்வளவுதான். சாமான் வாங்க நாங்க எல்லாரும் கீழ எறங்கி வந்து அங்கதான் நிப்போம். படத்துல இருக்கிற எங்க அம்மாவும் வந்து நின்னாங்க."

"அத அரசாங்க ஆபீஸுல சொன்னீங்களா?" என்று கேட்டார் ஜஹானா.

"சொன்னோமே. எங்க ஆளுங்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்கன்னு சொல்லிட்டாங்க. புது வீட்டு லிஸ்டுல எங்க லயத்துப் பேர் எல்லாத்தையும் நிப்பாட்டி வெச்சிருக்காங்க. புதன்கெழமை விசாரணை. அன்னைக்கி இல்லன்னு போயிட்டா அந்த எடத்த வேற ஆளுங்களுக்குக் குடுத்துருவாங்களாம். சின்னப் பிள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைமடுவத்துல இருபது குடும்பம் படுத்திருக்கோம் மிஸ். பாய விரிச்சா நடக்க எடமில்ல."

பதிவைப் போட்டவரின் பெயரைப் பார்த்த ரஸீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்ஹாம். அவருடைய மனைவியின் தம்பி. பள்ளிவாசல் வாலிபர்களோடு சேர்ந்து மூன்று நாள் தூங்காமல் அரிசி மூட்டை கட்டியவன்.

"அவன் பொய் சொல்ற ஆள் இல்ல, ஜஹானா."

"இவரும் அப்படித் தெரியல்ல, ரஸீன் நானா" என்றார் ஜஹானா, அண்ணனிடம் சொல்வதுபோல்.

"நீங்க இவர்ட பக்கம் எழுதினா எனக்கு ராவைக்குச் சோறு கிடைக்காது. அவன்ட பக்கம் எழுதினா நிம்மதியாத் தின்னலாம், ஆனா தொண்டைக்குள்ள எறங்காது. என்னத்தச் செய்ற?"

"முதல்ல பாப்போம்" என்றார் ஜஹானா.

இலங்கையில் மலையேறிப் போனவர்கள் யாரும் அறிந்த ஒன்று உண்டு. லயங்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு துரை ஒரு காலத்தில் ஒரு தாளில் போட்ட திட்டத்தை மலை மலையாகத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் மழைநீருக்கு ஒரு கான், பின்னால் ஒரு மண்சுவர். உள்ளே வாழ்பவர்களும் ஒரே அச்சு என்று நினைத்ததால் வீட்டுக்கு இலக்கம் கொடுக்கவில்லை, தெருவுக்குப் பெயர் வைக்கவில்லை. இத்தனை தலைமுறை ஒரு கூட்டத்தை விலாசமில்லாமல் வைத்திருந்துவிட்டு, இன்று "இதுதான் உன் வீடு என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்கிறார்கள். கேட்பவருக்கு நாக்கு கூசுவதில்லை.

ஜஹானா இரண்டு படங்களையும் மூல வடிவில் வாங்கிக் கணினியில் போட்டார். முதலில் ஆட்களை மறைத்தார். ஆள் நடப்பார், சுவர் நடக்காது. துணி, பை, நாய், நிழல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடம்பெயராதவற்றை மட்டும் எடுத்தார். மலைத்தொடர். அதில் பல் விழுந்ததுபோல் ஒரு பள்ளம். மலைக்கு இப்பால், பள்ளத்தாக்கிலிருந்து எழும் தொழிற்சாலைப் புகைபோக்கி. பிறகு லயம்.

ஒரு படத்தின் மலைக்கோட்டை மற்றதன்மேல் வைத்தார். பள்ளத்தோடு பள்ளம், மேட்டோடு மேடு, தலைமயிர் அளவும் பிசகாமல் பொருந்தியது.

கணேஸ் நின்ற இடத்திலிருந்தே அதைப் பார்த்தான். கோட்டின்மேல் கோடு விழுந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"மலை ஒண்டுதான், தம்பி" என்றார் ஜஹானா.

"ஒரே தோட்டம் மிஸ். ஒரே மலைதானே தெரியும்!"

"அதத்தான் நானும் சொல்ல வாறேன். உட்காருங்க. நிலா நீங்க நடக்கக்குள்ள கூடவே வருது, இல்லயா? தூரத்தில ஈக்கிறது அப்படித்தான். நீங்க நூறு அடி தள்ளிப் போனாலும் அது அசையாது. மலை பொருந்திச்சு எண்டா ரெண்டு பேரும் ஒரே பக்கத்தப் பாத்து எடுத்தீக்கிறாங்க எண்டு மட்டும்தான் அர்த்தம். கிட்ட ஈக்கிறதுதான் ஆளக் காட்டிக் குடுக்கும்."

புகைபோக்கி மலையைவிட மிகக் கிட்ட இருந்தது. கணேஸின் படத்தில் அது மலைப் பள்ளத்துக்கு நேர் கீழே. இல்ஹாமின் படத்தில் பள்ளத்திலிருந்து விலகி வலப்பக்கமாக, உயரமாக நின்றது.

"அது போன்ல பெரிசாக்கி எடுத்தீக்கும்" என்றார் ரஸீன். வாதத்துக்காகத்தான். எதிராளி கேட்கப்போவதை முதலில் அவரே கேட்டுவிடுவார்.

"பெரிசாக்கினா எல்லாம் சேந்து பெரிசாகும், நானா. ஒண்டுக்குப் பின்னால மற்றது இடம் மாறாது. அது மாறினா எடுத்தவர் நிண்ட இடம் மாறியீக்கி."

"சரி, ஒரே லயத்துக்கு முன்னால நாலடி தள்ளி நிண்டு எடுத்தான் எண்டு சொல்லுவாங்களே?"

அது நல்ல கேள்வி. ஜஹானா கோடுகள் போடத் தொடங்கினார்.

கூரையின் முன்விளிம்பு, கதவுகளின் தலைப்பு, சுவரின் அடி. இவையெல்லாம் கட்டடத்தில் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் மட்டமாகவும் ஓடுபவை. படத்தில் அவை சாய்ந்து, தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அந்தப் புள்ளி எப்போதும் எடுத்தவரின் கண்மட்டத்தில் இருக்கும். கதவு நிலைகள் நேராக நிற்கும்படி படத்தை நிமிர்த்தி, அந்தப் புள்ளி வழியாகக் கிடையாக ஒரு கோடு போட்டால் அதுதான் கண்மட்டக் கோடு. அதற்கு மேலே தெரிவதெல்லாம் கமராவைவிட உயரத்தில் உள்ளவை. கீழே தெரிவதெல்லாம் தாழ்ந்தவை. பக்கத்தில் இருந்தாலும் சரி, பள்ளத்தாக்குக்கு அப்பால் இருந்தாலும் சரி.

கணேஸின் படத்தில் சுவரின் அடி மண்ணுக்குள் புதைந்திருந்தது. ஆகவே கூரை விளிம்பையும், கூடவே நீண்டு தெளிவாகத் தெரிந்த கானின் விளிம்பையும் எடுத்தார். இரண்டும் சேர்ந்த இடத்தில் கோடு போட்டார். புகைபோக்கியின் உச்சி கோட்டுக்கு மேலே நின்றது. இல்ஹாமின் படத்திலும் போட்டார். அங்கேயும் மேலே.

அப்படியானால் இரண்டும் ஒரே உயரத்து லயமாக இருக்கலாம்.

அன்று பின்னேரம் வரை ஜஹானா அதே கோடுகளைத் திரும்பத் திரும்பப் போட்டார். கணேஸ் வேலைக்குப் போய்விட்டான். ரஸீன் தேநீர் வைத்தார், ஆறிப்போனது. நமக்குப் பிடித்தவருக்குச் சாதகமாக வரும் விடையை மட்டும் விடை என்று சொன்னால், அது அந்தக் குடிசைகளுக்கு மேல் மரம் வரைவதற்குச் சமம். அவருக்கு அது தெரியும். ஆனால் விசாரணைக்கு வெறும் கையோடு போகப்போகிற அந்தப் பெடியனின் முகமும் தெரிந்தது.

கடைசியில் அவரைக் காப்பாற்றியது சுத்தமான படம்தான். இல்ஹாமின் படத்தில் சுவரின் அடி தெளிவாகத் தெரிந்தது. கூரை, கதவுத் தலைப்பு, சுவரின் அடி மூன்றும் ஒரே புள்ளியில் சேர்ந்தன. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க, அங்கேயும் கானின் விளிம்பில் ஒரு கோடு போட்டார். அது மட்டும் மற்றவற்றோடு சேராமல் வேறெங்கோ ஓடியது.

ஜஹானா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன?" என்றார் ரஸீன்.

"கானை ஆராவது மட்டமா வெட்டுவாங்களா, நானா! தண்ணி ஓட வாணாமா? பன்னிரண்டு வருஷம் கானுக்குச் சரிவு போட்டு வரைஞ்ச கை இது. மட்டமா ஈக்கிறத மட்டும்தான் எடுக்கணும் எண்டு மறந்துட்டேன்."

கணேஸின் படத்துக்குத் திரும்பினார். கானை விட்டார். மிஞ்சிய இரண்டு காம்பராக்களின் கதவு நிலைகள் நேராக நிற்கின்றனவா, அந்த முனையும் மண்ணோடு சாய்ந்துவிட்டதா என்று முதலில் பார்த்தார். நேராகத்தான் நின்றன. கூரை விளிம்பு, இரண்டு கதவுகளின் தலைப்பு, யன்னலின் அடிக்கட்டை. நான்கு கோடுகளும் ஒரு புள்ளியில் வந்து சேர்ந்தன. கண்மட்டக் கோடு இப்போது வேறிடத்தில் விழுந்தது. புகைபோக்கியின் உச்சி அதற்கு வெகு கீழே கிடந்தது.

ஒரு படத்தை எடுத்தவர் புகைபோக்கியின் உச்சியை அண்ணாந்து பார்க்கும் இடத்தில் இருந்திருக்கிறார். மற்றவர் அதைக் குனிந்து பார்க்கும் இடத்தில் இருந்திருக்கிறார். நாலடி தள்ளி நின்றால் இது நடக்காது. மலையில் ஏற வேண்டும்.

ரஸீன் திரையைப் பார்த்துவிட்டு, "சோறு போச்சு" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்தார்.

இல்ஹாம் வந்தான். வரும்போதே கோபம். "மச்சான், நான் கண்ணால பாத்தது. ஜஹானா ராத்தா, நீங்களும் பாருங்க. அந்த அம்மா அதே ஆள்தானே? லயத்து வாசல்ல நிண்டாங்களே?"

"நிண்டாங்க. நீங்க சாமான் குடுத்த இடத்தில. லொறி ஏன் அங்க நிண்டிச்சு?"

"அதுக்கு மேல பாதை இல்லயே."

"மேல ஏறிப் பாத்தீங்களா?"

அவன் அடுக்கினான். பாதையெல்லாம் சேறு, மூட்டை, நேரமாகிவிட்டது, இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஜஹானா திட்டவில்லை. கணினி எலியை ஜஹானாவின் பக்கம் தள்ளி, "நீங்களே போடுங்க" என்றார் ரஸீன். ஜஹானா அதை இல்ஹாமின் கையில் கொடுத்தார். "நீங்க போடுங்க, தம்பி. கூரையில ஒண்டு, கதவில ஒண்டு."

இல்ஹாம் தானே கோடு போட்டான். தன் படத்தில் போட்டு முடித்தபோது ஒன்றைக் கவனித்து வியந்தான். நின்றிருந்த ஆட்களின் தலைகளெல்லாம், கிட்ட நின்றவரும் தூர நின்றவரும், அந்தக் கோட்டை ஒட்டியே வரிசையாக இருந்தன.

"ஏன் எண்டா நீங்களும் அவங்களோட அதே தரையில நிண்டுதான் எடுத்தீக்கிறீங்க. உங்கட கண் உயரம் அவங்கட தலை உயரம்" என்றார் ஜஹானா.

பிறகு கணேஸின் படத்தில் போட்டான். புகைபோக்கி கோட்டுக்குக் கீழே போனதும் எலியை விட்டுவிட்டான்.

"யா அல்லாஹ். ஏசினேனே, ராத்தா. அவ்வளவு பேரும் சேந்து ஏசினாங்களே."

"பதிவ அழிச்சா மட்டும் காணாது. புதன்கெழமை வந்து வாயாலயும் சொல்லணும்."

"வாறேன்."

அவன் போன பிறகும் ஜஹானா கணேஸின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிற்கும் அந்தப் பெண்ணின் உடலைக் கண்மட்டக் கோடு வெட்டிப் போன இடம் அவருக்கு விளங்கவில்லை. தலையில் இல்லை, நெஞ்சில்கூட இல்லை. இடுப்புக்கும் கீழே. அருகிலிருந்த கதவையும் கீழ்ப்பாகத்திலேயே வெட்டியது. எடுத்தவன் அவரோடு ஒரே முற்றத்தில் நின்றிருந்தால் இப்படி வராது. யோசித்தார். விளங்கியதும் அதை அறிக்கையில் எழுதவில்லை. கேட்ட கேள்விக்கு அது தேவையில்லை. அது அந்தப் பெடியனின் சொந்த விசயம்.

புதன்கிழமை, விசாரணை அறையில், அதிகாரி கஜலட்சுமி கோப்பைத் திறந்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் மூன்று வருடமாக வேலை. பெருமழைக்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட வீட்டில் இருந்ததில்லை என்பது கண்ணிலே தெரிந்தது. ஒரு பக்கம் கணேஸும் அவன் தாய் பாலம்மாவும், மறுபக்கம் ரஸீனும் ஜஹானாவும் இல்ஹாமும். பாலம்மா மகனிடமிருந்து ஒரு கதிரை விட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜஹானா அச்சடித்த தாள்களை விரித்து விளக்கினார். இல்ஹாம் எழுந்து, தான் மேலே ஏறாமலே எழுதிவிட்டதாகச் சொன்னான். பாலம்மாவைப் பார்த்து, "மன்னிச்சிருங்க உம்மா" என்றான். அவசரத்தில் தன் வீட்டு வார்த்தை வந்துவிட்டது. பாலம்மா தலையசைத்தார்.

கஜலட்சுமி தாளில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தானே ஓட்டிப் பார்த்தார். "ஓம், விளங்குது. இது கீழ, இது மேல. ரெண்டு லயம்." பிறகு நிமிர்ந்தார். "ஆனா ஒண்டு எனக்கு விளங்கேல்லை. இந்தக் கோடு கமராவின்ர உயரம் எண்டு சொல்லுறியள். மற்றப் படத்தில ஆக்களின்ர தலையில போகுது. இதில இவவின்ர தொடையில போகுது. நிலத்தோட வைச்சு எடுத்திருக்கு. அப்பிடி எடுத்தா இடிஞ்சது பெரிசாத் தெரியும், என்ன? வேணுமெண்டு எடுத்ததோ?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் அது இன்னும் கூர்மையாகப் பட்டது. கணேஸ் தரையைப் பார்த்தான். ஜஹானா அவனைப் பார்த்தார். சொல்லலாமா என்று கண்ணால் கேட்டார். 

அதற்குள் பாலம்மா பேசிவிட்டார். "அவன் படம் புடிக்கிறதுல கெட்டிக்காரங்க மேடம். வீடு போயி நான் தலையில கைய வெச்சிக்கிட்டு நிக்கிறேன். பெத்தவள வந்து புடிக்கணும்னு தோணல. போன எடுத்துட்டான். பேஸ்புக்குல எழுதுனாங்களாமே, அம்மா அழ மகன் போட்டோ எடுக்கிறான்னு. அத எழுதுனவங்க மேல எனக்குக் கோவமே வரல. உண்மதானே."



"அக்கா," என்றார் ஜஹானா பாலம்மாவிடம், தாளை அவர் பக்கம் திருப்பி. "இந்தப் படம் நிண்டுக்கிட்டு எடுத்த படம் இல்ல. குனிஞ்சி எடுத்ததும் இல்ல. குனிஞ்சி எடுக்கிறவங்க எது எது படத்துக்குள்ள வரணும் எண்டு பாத்து எடுப்பாங்க. இதில பாதிப் படம் வெறும் சேறு. படமே ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. இது உட்காந்திருக்கிற உயரம். தரையில."

"தரையிலயா?"

கஜலட்சுமி பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"கால் நிக்கல" என்றான் கணேஸ். யாரையும் பார்க்கவில்லை. "வேலைக்குப் போய்ட்டு வந்தேன். ஏறி வந்தா லயத்தக் காணல. அம்மாவையும் காணல. உள்ளுக்குத்தான்னு நெனச்சிட்டேன். அப்புறம் மண்ணுக்கு அந்தப் பக்கத்துல இருந்து அம்மா நடந்து வந்தாங்க. உயிரோட. அப்பத்தான் உக்காந்துட்டேன். எந்திரிக்க முடியல. கூப்புட்டேன், சத்தம் வரல. கையில போன் இருந்துச்சி. பெரியம்மாவுக்கு, அம்மா இருக்காங்கன்னு காட்டணும்னு அமுக்கிட்டேன். அவங்கதான் எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க."

உலகமே, இடிந்த லயத்தின் படமாகப் பார்த்ததை, அவன் தன் தாய் உயிரோடிருப்பதைக் காட்டும் படமாக எடுத்திருந்தான். இத்தனை நாளாக அதை வைத்துத்தான் ஆயிரம் பேர் தீர்ப்பெழுதினார்கள். ஒருவருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை.

கஜலட்சுமி பெயர்ப்பட்டியலை எடுத்து, மேல் லயத்துக் குடும்பங்களுக்கு நேரே போட்டிருந்த குறிகளை வெட்டி, வெட்டிய ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வைத்தார். "இருபது குடும்பமும் திரும்ப லிஸ்டில வருது. மேல போய்ப் பாக்காம நிப்பாட்டினது எங்கட பிழையும்தான். நான் நாளைக்கு ஏறி வாறன்." பிறகு இல்ஹாமிடம், "நீர் போட்ட பதிவு எத்தினை பேரிட்டப் போச்சுதோ, திருத்தமும் அத்தினை பேரிட்டப் போக வேணும். அது உம்மட வேலை" என்றார்.

"போட்டுட்டேன் மேடம். இப்ப என்னைய ஏசுறாங்க."

"ஏசட்டும்" என்றார் ரஸீன், "உனக்கு ஏச்சு, எனக்குப் பட்டினி. குடும்பத்துக்கே நல்ல நாள்."

பாலம்மா இவர்கள் பேசியது எதையும் கேட்கவில்லை. கதிரையை இழுத்து மகனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தாளை மடியில் வைத்துக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஜஹானா போட்டிருந்த சிவப்புக் கோட்டின்மேல் அவர் விரல் நகர்ந்தது. தன் தொடையைத் தாண்டி, நீலக் கதவைத் தாண்டி, படத்தின் ஓரம் வரை போய் நின்றது. அதற்கப்பால் படத்தில் ஒன்றும் இல்லை. எடுத்தவன் படத்தில் இருப்பதில்லை.

"எங்கனடா உக்காந்த?"

"பைப்புக்கிட்டம்மா."

"அந்தச் சேத்துலயா?"

"ம்."

"எம்புட்டு நேரம்?"

"தெரியலம்மா."

பாலம்மா அவன் தலையைத் தன் பக்கம் இழுத்தார். அதிகாரி முன்னால், அந்நியர்கள் முன்னால், இருபத்தாறு வயது ஆண்பிள்ளையின் தலையை. அவன் விலகவில்லை.

"அதான் அன்னைக்கி ராத்திரி பூரா இருமுன" என்றார். "நான் என்னான்னுகூட கேக்கல."